நம் முதலீடு நன்றாக நடக்கிறதா? நியாயமான அளவுகோலை வைத்து நாமே கணக்கிடும் முறை



வட்டி கலவாத முதலீடு தேடும் குடும்பங்களில் பலர், ஷரீஅத் முறைப்படி வடிகட்டிய பங்குகளில் மட்டும் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்டுகளை நாடுகிறார்கள். டாடா எத்திகல் ஃபண்ட், டாரஸ் எத்திகல் ஃபண்ட் போன்றவை அவ்வகையைச் சேர்ந்தவை. சேர்வதற்கு முன் "இது ஹலாலா?" என்று விசாரிக்கிறோம். சேர்ந்து மூன்று, நான்கு ஆண்டுகள் ஆன பிறகு வேறொரு கேள்வி எழுகிறது: "போட்ட பணம் உருப்படியாக வளர்கிறதா, அல்லது எடுத்து வேறு எதிலாவது போட வேண்டுமா?"

இந்தக் கேள்விக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் ஒப்பீடுகள்தான். "நிஃப்டி இவ்வளவு ஏறியதே, உங்களுடையது ஏறவில்லையே" என்பார் ஒருவர். "மச்சான் வாங்கிய மனை இரண்டு மடங்காகிவிட்டது" என்பார் இன்னொருவர். இதைக் கேட்டு நல்ல ஃபண்டை விற்றவர்களும் உண்டு. எந்த ஒப்பீடும் செய்யாமல், பின்தங்கிய ஒன்றிலேயே பத்து ஆண்டுகள் கிடந்தவர்களும் உண்டு. இரண்டிலும் நஷ்டப்படுவது பிள்ளைகளின் படிப்புக்கும் ஹஜ்ஜுக்கும் என்று ஒதுக்கி வைத்த பணம்.

நம் பணம் என்ன விகிதத்தில் வளர்ந்தது, அதே பணம் அதே நாட்களில் நியாயமான அளவுகோல் ஒன்றில் இருந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால் பதில் கிடைத்துவிடும். இரண்டையும் ஒரு கைப்பேசியிலோ கணினியிலோ அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். முறையை ஓர் உதாரணத்தோடு விளக்குகிறோம்.

எது நியாயமான அளவுகோல்?

துணியை மீட்டரில் அளக்கிறோம், பாலை லிட்டரில் அளக்கிறோம். முதலீட்டுக்கும் அதன் வகைக்கு ஏற்ற அளவுகோல் வேண்டும். அதற்கு மூன்று நிபந்தனைகள். அது நாம் வாங்க அனுமதி உள்ள பொருட்களால் ஆனதாக இருக்க வேண்டும். நம்முடைய முதலீட்டின் அதே வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். முடிவு தெரிந்த பிறகு பொறுக்கியதாக இல்லாமல், முன்கூட்டியே தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும்.

மச்சானின் மனை மூன்றாவது நிபந்தனையில் விழுந்துவிடுகிறது. விலை ஏறிய மனையைப் பற்றித்தான் ஊரில் பேச்சு நடக்கும். பத்திரச் சிக்கலில் மாட்டியதும், பத்து ஆண்டுகளாக விலை போகாததும் பேச்சில் வருவதில்லை. ஜெயித்ததை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அளந்தால் எந்த முதலீடும் தோற்றதாகத்தான் தெரியும்.

நிஃப்டி 50 முதல் நிபந்தனையில் விழுகிறது. அந்தக் குறியீட்டின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தான். வட்டியைத் தொழிலாகக் கொண்ட அந்த நிறுவனங்களை ஷரீஅத் வடிகட்டல் முதலிலேயே ஒதுக்கிவிடுகிறது. மது, சூதாட்டம் போன்ற தொழில்களும் அளவுக்கு மேல் கடன் வாங்கிய நிறுவனங்களும்கூட வெளியே போய்விடும். எஞ்சும் பட்டியலில் மென்பொருள், மருந்து, நுகர்பொருள் நிறுவனங்களின் எடை இயல்பாகவே கூடுகிறது. ஆகவே இந்த இரண்டும் ஒரே சந்தையில் இருந்தாலும் ஒரே பாதையில் போவதில்லை.

2020இல் மென்பொருள் நிறுவனங்களின் நிஃப்டி ஐ.டி. குறியீடு பாதிக்கு மேல் உயர்ந்தது. வங்கிக் குறியீடு அந்த ஆண்டைச் சிறு இறக்கத்தோடு முடித்தது. 2022இல் நேர்மாறாக நடந்தது. ஐ.டி. குறியீடு ஏறத்தாழ கால் பங்கு இறங்கியது. வங்கிக் குறியீடு ஐந்தில் ஒரு பங்கு ஏறியது. நிஃப்டி 50ஐ வைத்து அளந்திருந்தால், முதல் ஆண்டில் ஷரீஅத் ஃபண்ட் நடத்துபவர் பெரிய திறமைசாலியாகத் தெரிந்திருப்பார். மூன்றாம் ஆண்டில் ஒன்றுக்கும் உதவாதவராகத் தெரிந்திருப்பார். இரண்டு தீர்ப்பும் தவறு. வங்கிப் பங்குகளை வாங்கக் கூடாது என்பது நாம் விதித்த நிபந்தனை. அதன் விளைவுக்கு அவரைப் பாராட்டவும் முடியாது, குறை சொல்லவும் முடியாது.

நமக்கான அளவுகோல் ஷரீஅத் குறியீடுகளே. டாடா எத்திகல் ஃபண்ட் தன்னை அளந்துகொள்ளும் குறியீடு நிஃப்டி 500 ஷரியா. டாரஸ் எத்திகல் ஃபண்டுக்கு பி.எஸ்.இ. 500 ஷரியா. நிஃப்டி 50 ஷரியா என்று ஒன்றும் உண்டு. அது நிஃப்டி 50இல் உள்ள பெரிய நிறுவனங்களில் வடிகட்டலில் தேறியவற்றை மட்டும் கொண்டது. நடுத்தர, சிறிய நிறுவனங்களையும் வாங்கும் ஃபண்டை அளக்க 500 ஷரியா குறியீடே பொருத்தம். உங்கள் ஃபண்டின் அளவுகோல் எது என்பது அதன் மாதாந்திர விவரத்தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

தங்கம் வைத்திருப்பவர்கள் அதைத் தனியாக, தங்க விலையோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். பங்கு இறங்கிய ஆண்டில் தங்கம் ஏறினால், அது பங்கு ஃபண்டின் குற்றம் ஆகாது. வீட்டில் அணியும் நகையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதற்குக் கொடுத்த செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்ப வராது.

"மொத்த வருவாய்" என்ற சொல்லைப் பாருங்கள்

ஒவ்வொரு குறியீட்டுக்கும் இரண்டு வடிவம் உண்டு. தொலைக்காட்சியில் ஓடுவது விலைக் குறியீடு. பங்கின் விலை ஏற்ற இறக்கம் மட்டுமே அதில் இருக்கும். நிறுவனங்கள் கொடுக்கும் டிவிடெண்ட் இருக்காது. டிவிடெண்டையும் திரும்ப முதலீடு செய்ததாகக் கொண்டு கணக்கிடுவது மொத்த வருவாய்க் குறியீடு. அதைச் சுருக்கமாக டி.ஆர்.ஐ. என்பார்கள். நம் ஃபண்டுக்கு வரும் டிவிடெண்ட் அதன் யூனிட் விலையில் சேர்ந்துவிடுகிறது. எனவே விலைக் குறியீட்டோடு ஒப்பிட்டால், சும்மா இருந்தாலே ஆண்டுக்கு ஒரு சதவீதம் அளவுக்கு ஃபண்ட் முந்தியதாகத் தோன்றும். இதனால்தான் மியூச்சுவல் ஃபண்டுகள் டி.ஆர்.ஐ.யோடுதான் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று செபி 2018 பிப்ரவரி முதல் நடைமுறைப்படுத்தியது. நாமும் அதையே எடுக்க வேண்டும். நிஃப்டி குறியீடுகளின் பழைய டி.ஆர்.ஐ. எண்கள் niftyindices.com தளத்தில் தேதி வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன.

நம் பணம் வளர்ந்த விகிதம்

இப்போது உதாரணத்துக்கு வருவோம். இதில் வரும் தொகைகளும் தேதிகளும் குறியீட்டு எண்களும் கணக்கு எளிதில் விளங்குவதற்காக வைத்தவை. சந்தையின் உண்மையான எண்கள் அல்ல.

வளைகுடாவில் வேலை பார்த்த ஒரு சகோதரர் ஷரீஅத் ஃபண்ட் ஒன்றில் 2022 ஜனவரி 1 அன்று ஒரு லட்சம் போட்டார். 2023 ஜனவரி 1 அன்று இன்னொரு லட்சம். வேலையை முடித்து ஊர் திரும்பியதும், கிடைத்த கிராஜுவிட்டியிலிருந்து 2024 ஜனவரி 1 அன்று மூன்று லட்சம். 2025 ஜனவரி 1 அன்று யூனிட்டுகளின் மதிப்பு ஆறு லட்சம்.

அவர் இப்படிக் கணக்குப் போடுகிறார்: "போட்டது ஐந்து லட்சம், ஆகியிருப்பது ஆறு லட்சம். மூன்று ஆண்டில் 20 சதவீதம். ஆண்டுக்கு ஏழுகூட வரவில்லை. இதற்கா இவ்வளவு ரிஸ்க்?"

கூட்டல் சரி, ஆனால் தீர்ப்பு சரியில்லை. மூன்று ஆண்டும் உள்ளே இருந்தது ஒரு லட்சம் மட்டுமே. இரண்டாவது லட்சம் இரண்டு ஆண்டு இருந்தது. பெரிய தொகையான மூன்று லட்சம் ஒரே ஒரு ஆண்டுதான் இருந்தது. நேற்று நட்ட கன்றையும் மூன்று ஆண்டுக்கு முன் நட்ட கன்றையும் சேர்த்து வைத்து, "மூன்று ஆண்டாகியும் இவ்வளவுதானா வளர்ந்திருக்கிறது" என்று கேட்பது போன்றது இது.

ஒவ்வொரு ரூபாயும் உள்ளே இருந்த நாட்களைக் கணக்கில் எடுக்கும் விகிதத்துக்கு எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்று பெயர். எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் இதற்கு ஆயத்தச் சூத்திரம் இருக்கிறது. முதல் பத்தியில் தேதி, இரண்டாவது பத்தியில் தொகை. நம் கையிலிருந்து ஃபண்டுக்குப் போன பணத்துக்குக் கழித்தல் குறி போட வேண்டும். கைக்கு வந்ததற்கும், கடைசி நாளில் உள்ள மதிப்புக்கும் குறி வேண்டாம். கடைசி மதிப்பை, அன்று விற்றுக் கையில் வாங்கியதாகக் கருதி எழுதுகிறோம்.

```
2022-01-01    -100000
2023-01-01    -100000
2024-01-01    -300000
2025-01-01     600000

=XIRR(B1:B4, A1:A4)
```

விடை 0.118 என்று வரும். அதாவது ஆண்டுக்கு 11.8 சதவீதம். ஏழுகூட இல்லை என்று அவர் நினைத்த பணம் ஏறத்தாழ 12 சதவீதத்தில் வளர்ந்திருக்கிறது.

கையால் சரிபார்க்க விரும்புவோர் பார்க்கலாம். ஆண்டுக்கு 11.8 சதவீதம் என்றால் முதல் லட்சம் மூன்று ஆண்டில் ஏறத்தாழ 1,39,700 ஆகும். இரண்டாவது லட்சம் இரண்டு ஆண்டில் 1,25,000. மூன்று லட்சம் ஓராண்டில் 3,35,400. கூட்டினால் ஆறு லட்சத்தை ஒட்டி வருகிறது. எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். செய்வது இவ்வளவுதான். எந்த விகிதத்தை வைத்தால் எல்லாத் தொகையும் வளர்ந்து கடைசி மதிப்பில் வந்து நிற்கும் என்று தேடிப் பிடித்துத் தருகிறது.

மாதாமாதம் எஸ்.ஐ.பி. போடுபவர்களுக்கு வரிகள் கூடும், முறை ஒன்றுதான். தேதிகளை நினைவிலிருந்து எழுத வேண்டாம். கேம்ஸ், கேஃபின்டெக் தளங்களில் உங்கள் மின்னஞ்சலையும் பான் எண்ணையும் கொடுத்து ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைக் கேட்டால், போட்டதும் எடுத்ததும் தேதியோடு வந்துவிடும்.

அதே பணம், அதே நாள்: நிழல் கணக்கு

11.8 நல்லதா, கெட்டதா? இந்த இடத்தில்தான் படித்தவர்களும் வழுக்குகிறார்கள்.

உதாரணத்துக்கு, அளவுகோலான ஷரீஅத் குறியீட்டின் டி.ஆர்.ஐ. எண் 2022 தொடக்கத்தில் 1,000. 2023 தொடக்கத்தில் 950. 2024 தொடக்கத்தில் 1,250. 2025 தொடக்கத்தில் 1,375 என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டில் 1,000 என்பது 1,375 ஆகியிருக்கிறது. ஆண்டு விகிதம் 11.2 சதவீதம். விவரத்தாளிலும் "குறியீடு, மூன்று ஆண்டு: 11.2" என்றுதான் இருக்கும். நம் சகோதரர் அதைப் பார்த்து, "எனக்கு 11.8, குறியீட்டுக்கு 11.2, அல்ஹம்துலில்லாஹ், முந்திவிட்டோம்" என்று நிம்மதி அடைவார்.

ஆனால் அந்த 11.2, முதல் நாளில் முழுப் பணத்தையும் போட்டு மூன்று ஆண்டும் சும்மா இருந்த ஒருவருக்கு உரியது. நம் சகோதரர் அப்படிப் போடவில்லை. அவருடைய முறைப்படியே குறியீட்டிலும் போட்டுப் பார்த்தால்தான் ஒப்பீடு சரியாகும். இதை நிழல் கணக்கு என்று சொல்லலாம். நம் கணக்கில் பணம் அசையும் ஒவ்வொரு நாளும் அதே தொகை நிழலிலும் அசைய வேண்டும்.

டி.ஆர்.ஐ. எண்ணை யூனிட் விலை போலக் கருதுங்கள். முதல் லட்சத்தை 1,000ஆல் வகுத்தால் 100 யூனிட். இரண்டாவது லட்சத்தை 950ஆல் வகுத்தால் 105.26 யூனிட். மூன்று லட்சத்தை 1,250ஆல் வகுத்தால் 240 யூனிட். மொத்தம் 445.26 யூனிட். கடைசி நாளின் 1,375ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 6,12,200 ரூபாய். சகோதரரிடம் இருப்பது 6,00,000. அதாவது அளவுகோலைவிட 12,200 ரூபாய் பின்தங்கியிருக்கிறார்.

நிழலின் கடைசி மதிப்பை அதே சூத்திரத்தில் ஆறு லட்சத்துக்குப் பதிலாகப் போட்டால் 13.1 சதவீதம் வருகிறது. அவருடையது 11.8. முந்திவிட்டதாக நினைத்தவர் உண்மையில் ஆண்டுக்கு 1.3 சதவீதம் பிந்தியிருக்கிறார்.

11.2, 13.1, 11.8 என்ற மூன்று எண்களும் என்ன சொல்கின்றன? 11.2க்கும் 13.1க்கும் உள்ள வித்தியாசம், பணம் போட்ட நேரத்தால் வந்தது. குறியீடு இறங்கிய முதல் ஆண்டில் அவருடைய பணத்தில் சிறு பகுதிதான் உள்ளே இருந்தது. இறங்கிய விலையில் இரண்டாவது லட்சம் போய்ச் சேர்ந்தது. இதற்கும் ஃபண்ட் நடத்துபவருக்கும் தொடர்பில்லை. 13.1க்கும் 11.8க்கும் உள்ள வித்தியாசம்தான் ஃபண்டினுடையது. ஃபண்டைப் பற்றிய தீர்ப்பை இந்த இரண்டாவது வித்தியாசத்தை வைத்தே சொல்ல வேண்டும். விவரத்தாளின் எண்ணோடு நேரடியாக ஒப்பிட்டால் இரண்டும் கலந்து, நேரத்தால் வந்த ஆதாயம் ஃபண்டின் குறையை மறைத்துவிடும். வேறு சிலருக்கு இது தலைகீழாகவும் நடக்கும். சந்தை உச்சத்தில் பெரிய தொகை போட்டவர், நல்ல ஃபண்டைக் குற்றவாளி ஆக்கிவிடுவார்.

பின்தங்கியது ஏன்?

1.3 சதவீதம் பின்தங்கியதும் விற்றுவிட வேண்டுமா? முதலில் செலவைப் பாருங்கள். குறியீடு என்பது தாளில் உள்ள எண். அதற்கு அலுவலகம் இல்லை, சம்பளம் இல்லை, முகவர் கமிஷன் இல்லை. ஃபண்டுக்கு எல்லாம் உண்டு. அது ஒவ்வொரு நாளும் யூனிட் விலையிலிருந்தே கழிகிறது. முகவர் வழியாக வாங்கும் ரெகுலர் பிளானில் இந்தச் செலவு சில ஃபண்டுகளில் ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரை போகும். நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளானில் கமிஷன் இல்லாததால் குறைவு. இரண்டின் செலவு விகிதமும் விவரத்தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

நம் சகோதரரின் ஃபண்டில் செலவு 1.8 சதவீதம் என்று கொள்வோம். அவர் பிந்தியது 1.3 மட்டுமே. அப்படியானால் பங்குகளைத் தேர்ந்தெடுத்தவர், செலவுக்கு முன் குறியீட்டைவிட அரை சதவீதம் கூடுதலாகவே சம்பாதித்திருக்கிறார். செலவு அதை விழுங்கிவிட்டது. இவருக்கு மருந்து ஃபண்டை மாற்றுவது அல்ல. அதே ஃபண்டின் டைரக்ட் பிளானுக்கு இனிவரும் தவணைகளை மாற்றுவதைப் பற்றி யோசிப்பதுதான். கமிஷன் வாங்கும் முகவர் உண்மையிலேயே வழிகாட்டுகிறார் என்றால் அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு சரி என்றால், அரை மணி நேரம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

செலவு 0.8 சதவீதம்தான், பிந்தியது 1.3 என்றால் கதை வேறு. மீதி அரை சதவீதம் பங்குத் தேர்வால் இழந்தது. ஆனால் அதையும் ஒரே முறை பார்த்து முடிவு கட்ட வேண்டாம். திறமையான ஒருவரும் இரண்டு, மூன்று ஆண்டுகள் பின்தங்குவதுண்டு. ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே தேதியில் கணக்கைப் போட்டு எழுதி வையுங்கள். ஐந்து ஆண்டுக் கணக்கில் செலவுக்கும் மேலாகப் பின்தங்கியிருந்து, ஆண்டுதோறும் இடைவெளி அகன்றுகொண்டே போனால், அப்போது மாற்றம் நியாயம்.

மாற்றுவதற்கும் விலை உண்டு. பங்குசார் ஃபண்டுகளில் ஓராண்டுக்கு மேல் வைத்து விற்ற லாபத்தில் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 12.5 சதவீத வரி. ஓராண்டுக்குள் விற்றால் லாபத்துக்கு 20 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதங்கள் நடைமுறையில் உள்ளன. எஸ்.ஐ.பி.யில் ஒவ்வொரு தவணைக்கும் ஓராண்டு தனித்தனியாக எண்ணப்படும். இது தவிர, பல ஃபண்டுகள் குறிப்பிட்ட காலத்துக்குள் எடுத்தால் வெளியேறும் கட்டணமும் பிடிக்கின்றன.

"குறியீட்டை யாராவது வாங்க முடியுமா?" என்றும் கேட்கலாம். ஓரளவு முடியும். நிப்பான் இந்தியாவின் ஷரியா பீஸ் என்ற இ.டி.எஃப்., நிஃப்டி 50 ஷரியா குறியீட்டை அப்படியே பின்தொடர்கிறது. பங்குபோல டீமேட் கணக்கு வழியாக வாங்க வேண்டும். தினசரி வாங்குவோர், விற்போர் குறைவு என்பதால், சந்தை விலை அதன் உண்மையான யூனிட் மதிப்பிலிருந்து விலகி நிற்கும் நாட்கள் உண்டு. வாங்கும் முன் இரண்டையும் ஒப்பிட்டு, விலையைக் குறிப்பிட்டே ஆர்டர் போட வேண்டும்.

ஜகாத்தும் தூய்மைப்படுத்தும் தொகையும்

நம் குடும்பங்களின் கணக்கில் மட்டும் வரும் ஒரு பிழை உண்டு. ரமலானில் ஜகாத் கொடுக்க சில யூனிட்டுகளை விற்கிறோம். ஆண்டு முடிவில் மதிப்பு குறைந்திருப்பதைப் பார்த்து, "ஃபண்ட் சரியாக வளரவில்லை" என்கிறோம். ஃபண்ட் அதைச் சம்பாதித்துக் கொடுத்தது. நாம்தான் எடுத்துக் கடமையை நிறைவேற்றினோம். எனவே விற்ற தேதியில் அந்தத் தொகையை, கழித்தல் குறி இல்லாமல், கைக்கு வந்த பணமாக எழுத வேண்டும். நிழல் கணக்கிலும் அதே நாளில் அதே தொகைக்கான யூனிட்டைக் கழிக்க வேண்டும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்தாலும் இதே முறைதான். ஜகாத்தைக் கைக்காசிலிருந்து கொடுத்திருந்தால் இந்தத் தாளில் எழுத எதுவும் இல்லை.

ஷரீஅத்துக்கு ஒவ்வாத சிறு வருமானத்தை நீக்குவதற்காக நாம் கொடுத்துவிடும் தூய்மைப்படுத்தும் தொகை வேறு. அது முதலிலிருந்தே நமக்கு உரியது அல்ல. அதற்காக யூனிட்டை விற்றிருந்தால், கைக்கு வந்ததாக எழுதக் கூடாது, விட்டுவிட வேண்டும். கைக்காசிலிருந்து கொடுத்திருந்தால், கொடுத்த தேதியில் கழித்தல் குறியோடு எழுத வேண்டும். அப்போதுதான் நமக்கு ஹலாலாக எஞ்சிய வளர்ச்சி தெரியும். நிழல் கணக்கில் இந்த வரி வராது. எவ்வளவு கொடுக்க வேண்டும், ஃபண்ட் யூனிட்டுக்கு ஜகாத் எப்படிக் கணக்கிடுவது என்பவற்றை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டிய இரண்டு

ஓராண்டு நிறையாத முதலீட்டுக்கு எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். பார்க்க வேண்டாம். மூன்று மாதத்தில் 6 சதவீதம் ஏறினால், அதே வேகம் ஆண்டு முழுவதும் தொடரும் என்று கருதி 26 சதவீதம் என்று காட்டும். அதை நம்பிக் கடன் வாங்கி மேலும் போட்டவர்களுக்கு நான்காவது மாதமே அதிர்ச்சி காத்திருக்கும். மூன்று மாதத்தில் 6 இறங்கினாலும் இதேபோல மிகைப்படுத்தித்தான் காட்டும்.

அளவுகோலை ஆண்டுதோறும் மாற்ற வேண்டாம். இந்த ஆண்டு ஷரியா 500, அடுத்த ஆண்டு தங்கம், அதற்கடுத்த ஆண்டு நிஃப்டி என்று, எது ஏறியதோ அதை எடுத்தால் மனம் எப்போதும் நஷ்டத்திலேயே இருக்கும். இன்றே ஒரு தாளில், "பங்கு ஃபண்டுக்கு இந்தக் குறியீடு, தங்கத்துக்குத் தங்க விலை" என்று எழுதித் தேதி போட்டு வையுங்கள். முதலீட்டை மாற்றினால் ஒழிய அந்தத் தாளை மாற்ற வேண்டாம்.

தேதி, தொகை, அன்றைய டி.ஆர்.ஐ. எண், நிழல் யூனிட் என்ற நான்கு பத்திகள் போட்ட மாதிரித் தாள் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் இருக்கிறது. ஞாயிறன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு கணக்கு அறிக்கையோடு வருபவர்களுக்கு, முதல் முறை போட்டுக் காட்ட உதவுகிறோம். எந்த ஃபண்டையும் நாங்கள் விற்பதும் இல்லை, சிபாரிசு செய்வதும் இல்லை. வரும்போது, வீட்டில் சேமிப்பைக் கவனிப்பது சகோதரி என்றால் அவரையும் அழைத்து வாருங்கள். அடுத்த ஆண்டு இந்தக் கணக்கைப் போடப்போவது அவராகத்தான் இருப்பார்.

வஸ்ஸலாம்.

செயலாளர்